முதல் டயாலிசிஸ், நைட் டியூட்டி: பயந்து வரும் நோயாளியோடு இரண்டு மணி நேரம்

கடலூரில் ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் பல வருஷமாக நைட் டியூட்டி பார்க்கிறேன். புதிதாகச் சேரும் நர்ஸ்களுக்கு மெஷினைச் சொல்லிக்கொடுக்க டெக்னீசியன் இருக்கிறார். முதல்முறை படுக்க வரும் நோயாளியின் பயத்தை என்ன செய்வது என்று மட்டும் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. பகலிலாவது டாக்டர் பக்கத்தில் இருப்பார். ராத்திரியில் நாமும் அந்த மெஷினும் நோயாளியும்தான். அதனால் ஒரே ஒரு ராத்திரியை எடுத்துக்கொண்டு, எந்த நேரத்தில் என்ன செய்தேன், எங்கே தவறினேன் என்று வரிசையாகச் சொல்கிறேன். உங்களுக்கும் இதே வரிசையில்தான் வரும்.

ஆனி மாதம். பண்ருட்டிப் பக்கத்துக் கிராமம், முந்திரி உடைக்கும் வேலை செய்கிற அம்மா, ஐம்பத்திரண்டு வயது. மூச்சு வாங்குகிறது என்று சாயந்திரம் சேர்த்திருந்தார்கள். யூரியா 240, பொட்டாசியம் 5.9. கழுத்தின் வலதுபக்கம் டாக்டர் லைன் போட்டு, எக்ஸ்ரேயில் இடம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். மஞ்சள் காமாலை, எச்ஐவி கிருமிகளுக்கான ரத்தப் பரிசோதனைகளும் வந்துவிட்டன. பத்தேகாலுக்கு வீல்சேரில் கொண்டுவந்தார்கள். வாசலிலேயே வீல்சேரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "என்னை உள்ள தள்ளாதீங்க" என்றார்.

அவர் வருவதற்கு முன்னால்

முதல்முறை வருபவரின் மெஷினை அவர் கண்ணெதிரே தயார் செய்யாதீர்கள். டயாலைசரை சலைன் விட்டுக் கழுவுவது, அலாரம் ஒவ்வொன்றும் அடிக்கிறதா என்று சோதிப்பது எல்லாம் அரை மணி நேரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். நமக்கு அது வழக்கமான வேலை. பார்ப்பவருக்கோ, தன் உயிரை ஒப்படைக்கப்போகிற மெஷின் இப்போதே கத்துகிறது.

கட்டில், நர்ஸ் மேஜைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அந்த நேரத்தில் முடித்து எழுந்துபோகிற வேறு நோயாளி எதிரே இருந்தால் நடுவில் திரையை இழுத்துவிடுங்கள். ஊசி எடுத்த இடத்தில் பஞ்சு வைத்து அழுத்துவதைப் பார்த்துத்தான் பாதிப்பேர் மிரளுகிறார்கள். மற்ற கட்டில்களில் இருப்பவர்களின் பிபி நிலையாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு அதன்பிறகு புது ஆளைத் தொடங்குங்கள். முதல் கால்மணி நேரம் நீங்கள் அவரை விட்டு நகரக் கூடாது.

முதல் கேள்வி

"பயப்படாதீங்க" என்று நான் சொல்வதில்லை. "ஒன்னும் ஆகாது" என்றும் சொல்வதில்லை. ஏதாவது ஆகலாம் என்பதால்தானே பக்கத்தில் நிற்கிறோம். வீல்சேருக்கு எதிரே குனிந்து உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "டயாலிசிஸ்னா என்னன்னு கேள்விப்பட்டீங்கம்மா?"

அவர் இரண்டு விஷயம் சொன்னார். "உடம்புல இருக்கற ரத்தத்தை எல்லாம் வெளிய எடுத்துப்புட்டு திரும்ப ஏத்துவாங்களாம். நடுவுல கரண்டு போச்சுன்னா? தானே புயல் அடிச்சப்ப எங்க ஊர்ல எத்தனை நாளு கரண்டு இல்ல தெரியுமா கண்ணு?"

2011 டிசம்பர் கடைசியில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறிய அந்தப் புயலை இந்தப் பக்கத்து ஆட்கள் மறக்கவே மாட்டார்கள். பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாக வேரோடு சாய்ந்தன. அவர் கேட்டதில் அர்த்தம் இருந்தது. அதற்கு ஆறுதல் சொல்லக் கூடாது, பதில்தான் சொல்ல வேண்டும். ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் காட்டினேன். "எந்த நேரத்துலயும் இவ்வளவு ரத்தம்தாம்மா வெளிய இருக்கும். மீதி எல்லாம் உங்க உடம்புலயேதான் ஓடிட்டு இருக்கும்." மெஷினின் டியூபும் டயாலைசரும் சேர்ந்து 200 முதல் 250 மில்லிதான் பிடிக்கும், அதனால் டம்ளர் பொய்யில்லை. அப்புறம் ரத்தப் பம்புக்குக் கூட்டிப்போய், மெஷினில் பேட்டரி இருக்கிறது, கரண்டு போனாலும் கொஞ்ச நேரம் பம்பு ஓடும், அதற்குள் ஜெனரேட்டர் வந்துவிடும், அதுவும் வராவிட்டால் இந்தக் கைப்பிடியால் நானே சுற்றி ரத்தத்தை உள்ளே அனுப்பிவிடுவேன் என்று சொல்லி, கைப்பிடியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மிக்குழவியைத் தூக்கிப் பார்ப்பதுபோல எடை பார்த்தார். அப்புறம்தான் கட்டிலுக்கு வந்தார்.

உங்கள் மெஷினின் பேட்டரி எத்தனை நிமிஷம் தாங்கும், கைப்பிடி எங்கே மாட்டியிருக்கிறது, எந்தத் திசையில் சுற்ற வேண்டும் என்பதை டியூட்டியில் சேர்ந்த முதல் நாளே டெக்னீசியனிடம் கேட்டுச் செய்து பாருங்கள். தெரியாமல் இதைச் சொன்னால் நோயாளி உங்கள் முகத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

இணைப்பது

எடை 46 கிலோ. பிபி 164/92. விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கருவி எண்ணே காட்டவில்லை. முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டு அவர் விரல் நுனியெல்லாம் கறுத்துப் போயிருந்தது. கால் விரலில் மாட்டினேன், 94 காட்டியது. விரலைப் பார்த்து அவர் கூசிக் கையை இழுத்துக்கொண்டார். "உழைச்ச கைம்மா, விடுங்க" என்றேன்.

கழுத்து லைனைத் திறக்கும்போது அவருக்கும் மாஸ்க் போட வேண்டும், நமக்கும் போட வேண்டும். முகத்தை இடதுபக்கம் திருப்பச் சொல்லுங்கள். மாஸ்க் போட்டால் மூச்சு முட்டும் என்று சொல்வார்கள். எத்தனை நிமிஷம் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால் பொறுத்துக்கொள்வார்கள். "அஞ்சு நிமிஷம்மா, மூடினதும் நானே எடுத்துடறேன்." சொன்னபடி எடுத்தும் விட வேண்டும். முதல் வாக்கைக் காப்பாற்றினால்தான் ராத்திரி முழுவதும் நாம் சொல்வதை நம்புவார்.

ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் சொன்னேன். மூடியைத் துடைக்கப் போகிறேன், சில்லென்று இருக்கும். உள்ளே நிற்கிற ஹெப்பாரினை ஊசியால் உறிஞ்சி எடுக்கப் போகிறேன், வலிக்காது. இப்போது டியூபில் சிவப்பு ஓடும், பார்க்க வேண்டாமென்றால் என்னைப் பாருங்கள். அவர் டியூபைத்தான் பார்த்தார். பரவாயில்லை, சிலருக்குப் பார்த்தால்தான் நிம்மதி.

பம்பை 100-இல் தொடங்கி, மெதுவாக 150, பிறகு 180-க்குக் கொண்டுபோனேன். முதல் டயாலிசிஸ் இரண்டு மணி நேரம்தான், வேகமும் குறைவு. இதற்குக் காரணம் இருக்கிறது. ரத்தத்தில் யூரியா சட்டென்று இறங்கி, மூளையில் அதே வேகத்தில் இறங்காமல் நின்றால், தண்ணீர் மூளைப் பக்கம் போய் வீக்கம் உண்டாகும். தலைவலி, வாந்தி, மனக்குழப்பம், சிலருக்கு வலிப்புவரை போகும். யூரியா அதிகமாக இருப்பவர்களுக்குத்தான் இந்த ஆபத்தும் அதிகம். "நாலு மணி நேரம்னு சொன்னாங்களே, எனக்கு மட்டும் ஏன் ரெண்டு? கையை விட்டுட்டாங்களா?" என்று கேட்பவர்களும் உண்டு. இன்றைக்கு இரண்டு, நாளைக்கு மூன்று, அதற்கடுத்து நான்கு, உடம்பைப் பழக்குகிறோம் என்று சொல்லுங்கள்.

போர்வை

பத்து நிமிஷத்தில் குளிர்கிறது என்றார். வெளியே ஓடிவந்து திரும்பும் ரத்தம் கொஞ்சம் ஆறித்தான் வரும், மேலே ஏசி வேறு. மகள் வாசலில் இருந்து ஒரு புடவையைக் கொடுத்தனுப்பினாள். அவர் அதைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

இரக்கப்பட்டு இதை அப்படியே விட்டுவிடாதீர்கள். முகமும் கழுத்தும் லைன் சேருகிற இடமும் எப்போதும் வெளியே தெரிய வேண்டும். போர்வைக்குள் இணைப்பு கழன்றால் மெஷினின் அலாரம் அடிக்காமலே போகலாம், ரத்தம் துணிக்குள்ளேயே போய்க்கொண்டிருக்கும். புடவையை மார்புக்குக் கீழே இறக்கி, காலில் இரட்டையாகச் சுற்றி, தலைக்கு ஒரு துண்டைக் கட்டிவிட்டேன். ஏன் என்றும் சொன்னேன். நடுவில் இரண்டுமுறை அவர் தூக்கக் கலக்கத்தில் மேலே இழுத்தார், இரண்டுமுறையும் இறக்கினேன். குளிரோடு நடுக்கமும் வந்தால் போர்வையைத் தேடாமல் காய்ச்சல் பாருங்கள். லைனில் கிருமி இருந்தாலும் இப்படித்தான் தொடங்கும்.

அலாரமும் வெளுத்த ரத்தமும்

இருமினார், மெஷின் கத்தியது. அவர் முகம் வெளிறிவிட்டது. கழுத்து லைன் இருப்பவர்கள் இருமினாலோ தலையைத் திருப்பினாலோ லைனின் நுனி ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டும், அலாரம் வரும். ஓடிப்போய் அலாரத்தை அமுக்கத்தான் கை போகும். நான் முதலில் நோயாளியையும் லைனையும் பார்த்துவிட்டு, "இருமினீங்கல்ல, அதான்" என்று சொல்லிக்கொண்டே அமுக்குவேன். நம் நடை வேகமானால் அவர் நாடித்துடிப்பும் வேகமாகும். காற்று வந்துவிட்டது என்கிற அலாரம் மட்டும் வேறு. அதில் பேச்சு அப்புறம், முதலில் கை.

அன்றைக்குப் புதிதாக லைன் போட்டிருந்ததால் ஹெப்பாரின் வேண்டாம் என்று டாக்டர் எழுதியிருந்தார். அப்படியானால் டயாலைசரில் ரத்தம் உறையாமல் இருக்க அரை மணிக்கு ஒருமுறை 100 மில்லி சலைன் விட்டு அலச வேண்டும். அந்த நேரம் டியூப் வெளுத்துப்போகும். இதை நான் முன்கூட்டிச் சொல்ல மறந்துவிட்டேன். "ரத்தம் தீர்ந்து போச்சு!" என்று எழுந்தே உட்கார்ந்துவிட்டார். தோளைப் பிடித்துப் படுக்கவைத்து, சலைன் பையைக் காட்டி, அரை நிமிஷத்தில் மறுபடி சிவப்பாவதைப் பார்க்க வைத்தேன். அடுத்த தடவை அவரே கடிகாரத்தைப் பார்த்து, "வெளுக்கற நேரம் வந்திருச்சு" என்றார்.

கொட்டாவி

இதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்த இடம்.

ஐம்பதாவது நிமிஷம் அவர் ஒரு கொட்டாவி விட்டார். அப்புறம் இன்னொன்று. "கண்ணு, என்னமோ பயமா இருக்குது. வயித்தைப் பிரட்டுது. கழட்டிவிட்டுடு, நான் வூட்டுக்குப் போறேன்" என்றார். பக்கத்துக் கட்டில்காரர், "முதல் தடவை அப்படித்தாம்மா இருக்கும், பயந்தான்" என்று தைரியம் சொன்னார்.

நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதையே ஒரு பெரியவரிடம் சொன்னேன். "பயம்தான் தாத்தா, கண்ணை மூடிப் படுங்க." அவர் சொன்னபடி கண்ணை மூடினார். மூன்று நிமிஷம் கழித்துக் கூப்பிட்டபோது பதில் இல்லை, பிபி 70-க்குப் போயிருந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த மூன்று நிமிஷம் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

ஆகவே முதல் டயாலிசிஸில் "பயமா இருக்கு" என்று யார் சொன்னாலும், பதில் சொல்வதற்கு முன் பிபி பாருங்கள். கொட்டாவி, குமட்டல், நெற்றியில் வேர்வை, காரணம் சொல்லத் தெரியாத பதைப்பு, இவை பிபி இறங்குவதற்கு முன்னால் உடம்பு சொல்கிற செய்தி. வெறும் பயம் என்றால் பெரும்பாலும் நாடி வேகமாக இருக்கும், பிபி ஏறியோ அப்படியேவோ இருக்கும், கேட்டால் எதற்குப் பயம் என்று சொல்லவும் தெரியும். பிபி இறங்குபவருக்கு அது தெரியாது, என்னமோ செய்கிறது என்றுதான் சொல்வார். ஆனால் முகத்தைப் பார்த்து இதைத் தீர்மானிக்காதீர்கள், கருவியைக் கட்டிப் பாருங்கள்.

அவருக்கு 104/60. உடம்பில் தேங்கிய தண்ணீரை மெஷின் எடுப்பதை உடனே நிறுத்தினேன். லைன் வழியாக 100 மில்லி சலைன் விட்டேன். காலுக்கடியில் இரண்டு தலையணை வைத்தேன். ஏற்கெனவே மூச்சு வாங்கி வந்தவர் என்பதால் தலையை முழுக்கத் தாழ்த்தவில்லை. டாக்டரைப் போனில் கூப்பிட்டேன். கை இதையெல்லாம் செய்யும்போது வாய் அவரிடம் பேசிக்கொண்டிருந்தது: "பிபி கொஞ்சம் இறங்கியிருக்கும்மா, அதான் பிரட்டுது. இப்ப ஏறிடும். நீங்க சொன்னது நல்லதாப் போச்சு." பத்து நிமிஷத்தில் 128/74. கொட்டாவி நின்றது.

ஏன் இறங்கியது? இரண்டு காரணம், இரண்டுமே முன்பே கேட்டிருக்க வேண்டியவை. சாயந்திரம் வார்டில் வழக்கமான பிபி மாத்திரையைப் போட்டிருந்தார்கள். அது ஒன்று. இன்னொன்று என் கணக்கு. ஒரு லிட்டர் எடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அரை மணிக்கொரு தடவை அலசுகிற சலைன் மூன்று முறைக்கு 300, கடைசியில் ரத்தத்தைத் திருப்பி விடும்போது போகிற 200, இந்த 500-ஐயும் சேர்த்து ஒன்றரை லிட்டர் என்று மெஷினில் போட்டேன். கணக்கு சரி. ஆனால் அதை இரண்டு மணி நேரத்தில் எடுத்தால் மணிக்கு 750. 46 கிலோ ஆளுக்கு இது அதிகம். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லி என்பதைத்தான் பொதுவாக மேல்வரம்பாக வைத்துக்கொள்கிறோம், அதன்படி 600-க்குள் நின்றிருக்க வேண்டும். தொடங்குவதற்கு முன் அந்த வகுத்தலைப் போட்டுப் பார்த்து, டாக்டரைக் கூப்பிட்டு, "சார், ஒரு லிட்டருக்குப் பதில் எழுநூறு மில்லி போதுமா?" என்று கேட்டிருக்க வேண்டியது என் வேலை.

கால்மணி நேரம் நிறுத்திவைத்துவிட்டு, டாக்டர் சொன்னபடி மணிக்கு 400 என்று மறுபடி தொடங்கினேன்.

பேச்சு கொடுப்பது

மீதி நேரம் முந்திரியைப் பற்றிப் பேசினோம். கொட்டையை வறுப்பது, கையில் சாம்பலைத் தடவிக்கொண்டு உடைப்பது, காயவைத்துத் தோல் உரிப்பது, முழுசையும் உடைசலையும் பிரிப்பது. நான் இடையிடையே கேட்டுக்கொண்டே இருந்தேன். பொழுது போகவும்தான். ஆனால் அதைவிட, முன்னே சொன்ன மூளை வீக்கம் வருகிறதா என்று பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் திடீரென்று தடுமாறினால், சொன்னதையே சொன்னால், எரிச்சல்பட்டால், அதோடு தலைவலி ஏறிக்கொண்டே போனால், பம்பு வேகத்தைக் குறைத்து டாக்டரைக் கூப்பிட வேண்டும். அவருக்குத் தெரிந்த தொழிலைக் கேளுங்கள், நீங்கள் கேட்கிற கேள்வி பரிசோதனை என்றே தெரியாது. அவர் உரித்த பருப்பை எத்தனை வகையாகப் பிரிப்பார்கள் என்றுவரை தெளிவாகச் சொன்னார்.

ஒருவர் மிகவும் பதைக்கிறார் என்று தூக்க மாத்திரை கேட்டு டாக்டரைக் கூப்பிடத் தோன்றும். முதல் டயாலிசிஸில் நான் தவிர்ப்பேன். பிபியையும் இறக்கும், குழப்பம் வந்தாலும் மாத்திரையாலா மூளையாலா என்று தெரியாது.

கழற்றுவது

முடிந்ததும் டியூபில் இருப்பதைச் சலைன் விட்டு உள்ளே அனுப்பினேன். "டம்ளர் ரத்தமும் திரும்ப வந்திருச்சா?" என்று கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார். லைனின் இரண்டு பக்கமும் அதன்மேல் அச்சிட்டிருக்கிற அளவுக்குச் சரியாக ஹெப்பாரின் விட்டு மூடி, புது டிரெஸ்ஸிங் போட்டேன். அந்த அளவைத் தாண்டினால் ஹெப்பாரின் உடம்புக்குள் போய்விடும்.

உடனே எழ விடாதீர்கள். பத்து நிமிஷம் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, மறுபடி பிபி பார்த்து, அப்புறம்தான் எடைக்கு நிறுத்தினேன். 45.6. மூச்சு முன்பைவிட இலகுவாக இருந்தது.

வாசலில் மகள் சீவிய இளநீரோடு நின்றாள். ராத்திரி ஒரு மணிக்கு எங்கே வாங்கினாளோ. பையில் பலாச்சுளை வேறு, அவர்கள் தோப்பிலேயே பழுத்தது. அம்மா தெம்பாகட்டும் என்றுதான் கொண்டுவந்திருக்கிறாள், அதட்டினால் அழுதுவிடுவாள். அவளைத் தனியே அழைத்துப்போய், அம்மாவின் கிட்னி பொட்டாசியத்தை வெளியே தள்ளாது, இளநீரிலும் பலாவிலும் அது நிறைய, கூடினால் இதயத் துடிப்பையே நிறுத்திவிடும், அதற்குத்தான் இன்றைக்கு ராத்திரியோடு ராத்திரியாக மெஷினில் போட்டோம் என்று சொன்னேன். இரண்டு இட்லியும் கொஞ்சம் சட்னியும் கொடுக்கச் சொன்னேன், தண்ணீர் டாக்டர் சொல்கிற அளவு மட்டும். அந்த இளநீரை அவளையே குடிக்கவைத்தேன். சாயந்திரத்திலிருந்து அவள் எதுவுமே சாப்பிட்டிருக்கவில்லை.

காலை டியூட்டிக்கு எழுதுவது

"நோயாளி பயந்தார், சமாதானப்படுத்தப்பட்டது" என்று எழுதாதீர்கள். அடுத்து பார்ப்பவர் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நான் எழுதியது: 50-ஆவது நிமிஷம் கொட்டாவி, குமட்டல், பிபி 104/60, 100 சலைனில் சரியானது. மணிக்கு 750 தாங்கவில்லை, 400 தாங்கியது. டயாலிசிஸ் நாளில் சாயந்திர பிபி மாத்திரை வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்க. ஆக்சிஜன் கால் விரலில் பார்க்க. சலைன் அலசும்போது முன்கூட்டிச் சொல்ல. கழுத்துவரை போர்த்துவார், இறக்கிவிட. கரண்டு பற்றிக் கேட்டால் கைப்பிடியைக் காட்ட.

மறுநாள் ராத்திரி மூன்று மணி நேரம், மணிக்கு 400, மாத்திரை இல்லாமல். பிபி 130-க்குக் கீழே இறங்கவில்லை. இரண்டாவது மணியில் தூங்கிவிட்டார், புடவையை மட்டும் ஒருமுறை இறக்கிவிட்டேன்.